ஆக்ஸிமீட்டரில் 99, ஹீமோகுளோபின் 8.4: பிறகு ஏன் இந்த அசதி?

கேள்வி: எனக்கு 36 வயது, பெண். ஹீமோகுளோபின் 8.4 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. சிவப்பணு 41 லட்சம், எம்.சி.வி 68, ஃபெரிட்டின் 6. ஆனால் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் 99 காட்டுகிறது. ஆக்ஸிஜன் முழுசாக இருக்கும்போது இரண்டு மாடி ஏறினாலே ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது? நாள் பூராவும் அசதி வேறு. மாதவிடாய் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பத்து நாளாக இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பதில்:

இரண்டு எண்களும் சரியானவைதான். ஆக்ஸிமீட்டர் அளப்பது ஒன்று, ரத்தப் பரிசோதனை அளப்பது வேறொன்று. நூறு குடம் வைத்திருப்பவரிடம் 99 குடம் நிரம்பியிருந்தாலும் 99 சதவீதம்தான். அறுபது குடமே வைத்திருப்பவரிடம் ஏறக்குறைய எல்லாம் நிரம்பியிருந்தாலும் அதே 99 சதவீதம்தான். வீட்டுக்கு வந்து சேரும் தண்ணீர் மட்டும் ஒன்றல்ல. உங்கள் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் ஒவ்வொன்றும் நிரம்பித்தான் கிளம்புகிறது. ஹீமோகுளோபினே குறைவு என்பதுதான் சிக்கல்.

அந்தக் கருவி ஏன் இதைக் கண்டுபிடிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நம்பி ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று பலர் மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பு. ஆக்ஸிஜனை இறக்கிவிட்டது கருஞ்சிவப்பு. ஆக்ஸிமீட்டர் விரல் வழியே ஒரு சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத ஓர் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து, இரண்டுக்கும் இடையிலான விகிதத்தைக் கணக்கிடுகிறது. விகிதம் என்று வந்துவிட்டால் மொத்த அளவு கணக்கிலிருந்து கழன்றுவிடும். ஹீமோகுளோபின் 14 இருந்தாலும் 7 இருந்தாலும் நுரையீரல் நன்றாக இருக்கும்வரை அது 98, 99 என்றுதான் காட்டும்.

இனி ஹீமோகுளோபின் செய்யும் வேலைக்கு வருவோம். ஆக்ஸிஜன் தண்ணீரில் லேசில் கரையாத வாயு. ரத்தத்தின் நீர்ப்பகுதியில் மட்டும் கரைந்து போவதென்றால் ஒரு லிட்டருக்குச் சுமார் 3 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன்தான் தேறும். சும்மா உட்கார்ந்திருக்கும் உங்கள் உடம்புக்கே நிமிடத்துக்குச் சுமார் 200 மி.லி வேண்டும். ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. கரைந்திருப்பதை மட்டும் நம்பினால் 15 மி.லிதான் போய்ச் சேரும். மீதியைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஒரு கிராம் ஹீமோகுளோபின் நிரம்பினால் 1.34 மி.லி ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும்.

பிடிப்பதை விட, சரியான இடத்தில் விடுவதுதான் அதன் திறமை என்று நான் சொல்வேன். ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு புரதச் சங்கிலிகள், ஒவ்வொரு சங்கிலியிலும் ஓர் இரும்பு அணு, ஒவ்வோர் இரும்பிலும் ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு. முதல் ஆக்ஸிஜன் வந்து உட்கார்ந்ததும் மொத்த மூலக்கூறின் வடிவமே சற்று மாறும். அதனால் அடுத்தடுத்தவை இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்ளும். இறக்கும்போதும் அப்படித்தான், ஒன்று கழன்றால் மற்றவையும் இளகிக்கொடுக்கும். வேலை செய்கிற தசையில் சூடு அதிகம், கரியமில வாயு அதிகம், அமிலத்தன்மையும் அதிகம். இந்த மூன்றும் ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்துகின்றன. எங்கே தேவை அதிகமோ அங்கே தானாகவே அதிகம் இறங்குகிறது. கரியமில வாயுவின் இந்த விளைவை 1904-இல் கண்டு சொன்னவர் டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் போர், அணு இயற்பியலாளர் நீல்ஸ் போரின் தந்தை. மூலக்கூறின் வடிவத்தை எக்ஸ் கதிர் மூலம் கண்டறிந்த மாக்ஸ் பெரூட்ஸுக்கு 1962-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது உங்கள் எண்ணைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். முதலில் ஹீமோகுளோபின் 13.5 உள்ள, உங்களைப் போன்ற உடல்வாகுள்ள ஒருவர். 100 மி.லி ரத்தத்தில் 13.5 கிராம் என்றால் ஒரு லிட்டர் ரத்தம் ஏறக்குறைய 180 மி.லி ஆக்ஸிஜனைச் சுமக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடினால் 900 மி.லி. உடம்பு அதில் 200-ஐ எடுத்துக்கொள்ளும். நாலில் ஒரு பங்குகூட இல்லை. மீதி அப்படியே திரும்பி வருகிறது. அந்த மீதிதான் அவசரத்துக்கான கையிருப்பு.

உங்களுக்கு ஒரு லிட்டர் ரத்தம் சுமப்பது 114 மி.லி. ஐந்து லிட்டருக்கு 570. அதில் 200 எடுத்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். கொஞ்சம் நெருக்கடிதான், ஆனாலும் தாக்குப்பிடிக்கலாம். அதனால்தான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு மூச்சு வாங்குவதில்லை.

மாடிப்படியில் கதை மாறுகிறது. விறுவிறுவென்று ஏறும்போது தேவை நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஆக்ஸிஜனைத் தொடும். இதயம் வேகத்தைக் கூட்டி 10 லிட்டர் ரத்தத்தை அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். 13.5 உள்ளவருக்கு 1,800 மி.லி வந்து சேர்கிறது, அதில் 1,000 எடுத்தால் பாதிக்குச் சற்று மேல். உங்களுக்கு வந்து சேர்வது 1,140. அதிலிருந்து 1,000 எடுக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 88 சதவீதத்தைப் பிழிந்தெடுக்க வேண்டும். சாதாரண உடம்பால் அது ஆகாது. ஆகவே இதயம் 10 லிட்டரோடு நிற்க முடியாமல் 13, 14 லிட்டர் வரை தள்ளப் பார்க்கிறது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வதும், காதுக்குள் துடிப்பு கேட்பதும் இதனால்தான். அதற்கும் மேல் பற்றாக்குறை வந்தால் தசை ஆக்ஸிஜன் இல்லாத வழியில் சக்தியைத் திரட்டும். ரத்தத்தில் அமிலம் கூடும். அந்த அமிலம் மூச்சை முடுக்கிவிடும். கால் கனப்பதும் மூச்சு வாங்குவதும் ஒன்றாக வருவதன் காரணம் இது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எவ்வளவு வேகமாக மூச்சு விட்டாலும் இந்தப் பற்றாக்குறை தீராது. நுரையீரலைக் கடக்கும் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 99 சதவீதம் நிரம்பிவிட்டது. இன்னும் ஏற்ற இடமில்லை. சிலிண்டரிலிருந்து சுத்தமான ஆக்ஸிஜனைக் கொடுத்தால்கூட நீர்ப்பகுதியில் கரைவது லிட்டருக்கு இன்னும் 15, 20 மி.லி கூடும், அவ்வளவுதான்.

8.4 என்ற எண்ணைப் பார்த்ததும் ‘இவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு எப்படி நடமாடினீர்கள்’ என்று யாராவது கேட்டிருப்பார்கள். மெதுவாக இறங்கியதால்தான் முடிந்தது. பல மாதங்களில் சிறுகச் சிறுகக் குறையும்போது சிவப்பணுக்கள் தங்களுக்குள் 2,3-பி.பி.ஜி என்ற பொருளை அதிகம் சேர்த்துக்கொள்கின்றன. அது ஹீமோகுளோபினின் பிடியை இன்னும் தளர்த்தி, திசுக்களில் கூடுதலாக இறக்கவைக்கிறது. ரத்தமும் நீர்த்துப்போய் இலகுவாக ஓடுவதால் இதயம் அதிகம் தள்ள முடிகிறது. ஆளும் தன்னை அறியாமலே மாறிக்கொள்கிறார்: மாடியில் நடுவில் நின்று போனைப் பார்ப்பார், பையை மற்றவரிடம் கொடுப்பார், வேலையைப் பிரித்துப் பிரித்துச் செய்வார். கேட்டால் ‘வயசாகுது’ என்பார்.

இதே 8.4-க்கு ஒரே நாளில் ரத்தப்போக்கால் இறங்கியவர் எழுந்து நின்றாலே தலை சுற்றி விழுவார். இன்னொரு விஷயம், திடீர் ரத்தப்போக்கு நடந்த முதல் சில மணி நேரத்தில் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைந்தே தெரியாது. வெளியே போனது முழு ரத்தம். உள்ளே மிச்சமிருப்பதும் அதே அடர்த்தி. உடம்பு நீரை இழுத்து அந்த இடத்தை நிரப்பிய பிறகுதான் எண் இறங்கும். ஆகவே எண்ணோடு கூடவே, அது எவ்வளவு நாளில் அங்கே வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழேயும் ஆணுக்கு 13-க்குக் கீழேயும் இருந்தால் ரத்தசோகை. பெண்களில் 8 முதல் 10.9 வரை நடுத்தரம், 8-க்குக் கீழே கடுமை. நீங்கள் நடுத்தரத்தின் அடிப்படியில் இருக்கிறீர்கள். 7-க்கு மேல் இருந்து, நிலைமையும் சீராக இருந்தால் பொதுவாக ரத்தம் ஏற்றுவதில்லை. ஒரு பாட்டில் ஏற்றினால் எண் சுமார் 1 கூடும், ஆனால் கசிவு தொடர்ந்தால் அதுவும் கரைந்துவிடும்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்தான் என் வேலை என்பதால், உங்கள் ரிப்போர்ட்டின் மற்ற எண்கள் எனக்கு ஹீமோகுளோபினைவிடச் சுவாரசியமாகத் தெரிகின்றன. எம்.சி.வி என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். இயல்பு 80 முதல் 100 வரை, உங்களுடையது 68. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டைத் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். இயல்பான சிவப்பணுவின் நடுவில் வெளிறிய ஒரு வட்டம் இருக்கும், மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரும்பு இல்லாதவரின் தகட்டில் அந்த வெளிறல் விரிந்து விரிந்து, ஓரத்தில் மெல்லிய வளையம் மட்டும் மிஞ்சியிருக்கும். அளவும் ஒரே சீராக இருக்காது. குட்டி, பெரிது, பென்சில் போல நீண்டது என்று கலந்து கிடக்கும். சிவப்பு நிறமே ஹீமோகுளோபின்தான் என்பதால், அது இல்லாத இடம் வெறுமையாகத் தெரிகிறது.

சிவப்பணு சிறுத்திருந்தால் இரண்டு காரணங்களை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று இரும்புக் குறைவு. மற்றொன்று பிறவியிலேயே வரும் தலசீமியா மரபுக்கூறு. அதில் இரும்பு போதுமான அளவு இருக்கும், புரதச் சங்கிலி சரியாக உருவாகாது. இரண்டாவதில் பொதுவாகச் சிவப்பணுக்களின் எண்ணிக்கை குறையாது, 50 லட்சத்தைத் தாண்டிக்கூட இருக்கும். ஹீமோகுளோபினும் இவ்வளவு இறங்குவது அபூர்வம். பழைய குறுக்கு வழி ஒன்று உண்டு: எம்.சி.வி-யை சிவப்பணு எண்ணிக்கையால் (பத்து லட்சத்தில்) வகுத்தால் 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம், மேலே வந்தால் இரும்புக் குறைவுப் பக்கம். உங்களுக்கு 68-ஐ 4.1-ஆல் வகுத்தால் 16.6. இது ஊகம்தான், தீர்ப்பில்லை. தீர்ப்பைச் சொல்வது ஃபெரிட்டின்.

ஃபெரிட்டின் உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் புரதம். 15-க்குக் கீழே போனால் இருப்பு காலி என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. பல மருத்துவர்கள் 30-க்குக் கீழேயே சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள். 6 என்பதில் விவாதத்துக்கு இடமே இல்லை. அதிகமாக இருக்கும் ஃபெரிட்டினைத்தான் உடனே நம்பக் கூடாது: காய்ச்சல், தொற்று, மூட்டுவாதம் போன்ற அழற்சிகளில் இரும்பு இல்லாமலே அது ஏறிவிடும். இவ்வளவு குறைந்து வந்தால் நம்பலாம்.

எங்கே போனது அந்த இரும்பு? உடம்பு இரும்பைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்கும். 120 நாள் வாழ்ந்து முடித்த சிவப்பணுவை உடைத்து, அதன் இரும்பை மீட்டு, புதிய சிவப்பணுவுக்கே கொடுக்கும். தினமும் இப்படிச் சுழல்வது 20, 25 மில்லிகிராம். உணவிலிருந்து உள்ளே வருவதோ 1, 2 மில்லிகிராம்தான். இரும்பை வெளியே தள்ள உடம்பில் தனி வழியே கிடையாது. தோலும் குடலும் உதிர்வதில் ஒரு மில்லிகிராம் போகும், அவ்வளவுதான். ஆகவே ரத்தம் வெளியேறினால் மட்டுமே பெரிய இழப்பு.

மாதவிடாயில் 30, 40 மி.லி போவது சாதாரணம், 80-ஐத் தாண்டினால் அதிகம். உங்களுக்கு 120 மி.லி போவதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 13 இருந்த காலத்தில் 120 மி.லி ரத்தத்தில் 15.6 கிராம் ஹீமோகுளோபின். ஒரு கிராமுக்கு 3.4 மில்லிகிராம் இரும்பு என்றால் 53 மில்லிகிராம். நாளுக்குப் பிரித்தால் 1.8. தோல், குடல் வழி போவதையும் சேர்த்தால் 2.8. வருவதோ அதிகபட்சம் இரண்டுக்குப் பக்கம். நாளுக்கு ஒரு மில்லிகிராம் துண்டு விழுந்தால் வருஷத்துக்கு 365. ஒரு பெண்ணின் முழு இருப்பே பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பழகிப்போனது என்பதால் அது குறைவான போக்கு என்று ஆகிவிடாது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால், இரவில் அதற்காகவே எழுந்தால், ரத்தம் பெரிய கட்டிகளாக வந்தால், ஏழு நாளைத் தாண்டினால், மகப்பேறு மருத்துவரிடம் ஸ்கேன் பார்த்துவிடுங்கள். கர்ப்பப்பை நார்க்கட்டி இருக்கலாம், வேறு ஏதாவதும் இருக்கலாம். குழாயை மூடாமல் தொட்டியை நிரப்பச் சொல்லி மாத்திரையைக் குறை சொல்ல நான் தயாரில்லை. (ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இதே ரிப்போர்ட் வந்தால் வயிறு, குடல் இரண்டையும் உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அவர்களுக்குக் கசிவு பெரும்பாலும் அங்கேதான். புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.)

உட்கார்ந்திருக்கும்போது ஆக்ஸிஜன் போதும் என்றால், நாள் பூராவும் அசதி எதற்கு? மேலே போட்ட ஆக்ஸிஜன் கணக்கு இதை முழுதாக விளக்காது. இரும்பு ஹீமோகுளோபினுக்கு மட்டும் சொந்தமானதல்ல. தசைக்குள் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபினிலும், உயிரணுவுக்குள் சக்தியைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகளிலும் இரும்பு இருக்கிறது. பற்றாக்குறை வரும்போது உடம்பு முதலில் இருப்பைக் காலி செய்யும், ஹீமோகுளோபின் எண் அதற்குப் பிறகுதான் சரியும். அதாவது ரிப்போர்ட்டில் 8.4 வருவதற்கு வெகுமுன்பே உங்கள் தசைகளும் தட்டுப்பாட்டில் இருந்திருக்கின்றன. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்து, அசதியால் அவதிப்பட்ட பெண்களுக்கு இரும்பு கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அசதி குறைந்தது இதனால்தான். ராத்திரி படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவது, ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்ன ஆசை வருவது, நகம் குழிந்து போவது, முடி கொட்டுவது எல்லாம் இதே பட்டியலில் வருபவை. ஐஸ் தின்பதை யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை. கேட்டால் கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்வார்கள்.

பத்து நாள் விவகாரத்துக்கு வருகிறேன். உங்கள் ஹீமோகுளோபினை 8.4-இலிருந்து 13-க்குக் கொண்டுபோக வேண்டும். உங்கள் உடம்பில் சுமார் 4 லிட்டர் ரத்தம் இருப்பதாக வைத்தால், 100 மி.லி-க்கு 4.6 கிராம் வீதம் 184 கிராம் ஹீமோகுளோபின் புதிதாக உருவாக வேண்டும். அதற்கு 625 மில்லிகிராம் இரும்பு. காலியான இருப்புக்கு இன்னும் 500. மொத்தம் 1,100-க்குச் சற்று மேல். 60 மில்லிகிராம் இரும்பு உள்ள மாத்திரையில் உள்ளே சேர்வது பத்து மில்லிகிராம் என்று வைத்தால், கணக்குப்படி நூற்றுப்பத்து நாளுக்கும் மேல் ஆகும், அதுவும் இடையில் இழப்பே இல்லாமல் இருந்தால். பத்து நாளில் நூறு மில்லிகிராம்தான் சேர்ந்திருக்கிறது. எலும்பு மஜ்ஜை இப்போதுதான் வேகமெடுத்திருக்கும். இன்று ரத்தம் எடுத்தால் ஹீமோகுளோபின் அவ்வளவாக நகர்ந்திருக்காது, ரெட்டிகுலோசைட் என்னும் இளம் சிவப்பணுக்கள்தான் கூடியிருக்கும். நான்கு வாரம் கழித்துப் பாருங்கள். அதற்குள் 2 கூடியிருந்தால் எல்லாம் சரியான வழியில் போகிறது. 1 கூட ஏறவில்லை என்றால் ஏதோ தடை.

அந்தத் தடை பெரும்பாலும் சாதாரணமானது. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட் என்று போட்டிருந்தால் அதில் இரும்பு மட்டும் 65 தான், 300 மில்லிகிராம் ஃபெரஸ் குளுக்கோனேட் என்றால் வெறும் 35. சப்ளிமென்ட் என்ற பெயரில் விற்கும் பலவற்றில் அதற்கும் கீழே. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு பாதி வழியிலேயே சிக்கிக்கொள்ளும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதி. இவை எதுவும் இல்லாமலும் ஏறவில்லை என்றால் கசிவு தொடர்கிறதா, குடல் உறிஞ்சுவதில் கோளாறா என்று மருத்துவர் தேட வேண்டியிருக்கும். அப்போது நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதும் உண்டு.

சீக்கிரம் ஏறட்டும் என்று நாளுக்கு மூன்று போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடலின் இரும்புக் கதவைச் சாத்திவிடும். அது ஏறக்குறைய ஒரு நாள் அப்படியே இருக்கும். அந்த நேரத்தில் போடும் இரண்டாவது, மூன்றாவது மாத்திரையில் பெரும்பகுதி குடலிலேயே தங்கி வயிற்றுவலியையும் மலச்சிக்கலையும்தான் தரும். நாளுக்கு ஒன்று, ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மருத்துவர்கள் இப்போது கொடுப்பது இதனால்தான். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையின் வேலை, பயப்பட வேண்டாம். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே தார் போலக் கறுப்பாகப் போயிருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அது வயிற்றுக்குள் ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். மாத்திரை அட்டையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்; சிறு குழந்தைக்கு இது உயிருக்கே ஆபத்தான விஷம்.

பெரும்பாலோர் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். இரண்டாவது மாதம் எண் 11.5-ஐத் தொடும், படி ஏறுவது சுலபமாகிவிடும், மாத்திரை அலமாரிக்குள் போய்விடும். அப்போது ஹீமோகுளோபின்தான் ஏறியிருக்கிறது. வந்த இரும்பையெல்லாம் மஜ்ஜை வாங்கிக்கொண்டதால் இருப்பு இன்னும் காலிதான். மூன்று, நான்கு மாதவிடாய் கடந்தால் மறுபடி அதே ரிப்போர்ட். எண் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர்ந்து, ஃபெரிட்டினை மறுபடி பார்த்துவிட்டு நிறுத்துவதுதான் முறை.

காத்திருக்கக் கூடாத சில நிலைகள் உண்டு. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மயங்கி விழுந்தால், ரத்தப்போக்கு நிற்காமல் கொட்டினால், நான்கு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் அசதி முழுவதையும் இதன் தலையில் கட்டிவிட முடியுமா என்பது மட்டும் இப்போதைக்குத் தெரியாது. ரத்தசோகையின் அசதிக்கு ஒரு சாயல் உண்டு: உடம்பை அசைக்க அசைக்கக் கூடும், ஓய்வெடுத்தால் இறங்கும், படபடப்பும் மூச்சிரைப்பும் கூடவே வரும். எட்டு மணி நேரம் தூங்கியும் விடியும்போதே அடித்துப்போட்டாற்போல் இருப்பது, எதிலும் மனம் ஒட்டாமல் போவது, எடை ஏறிக் குளிர் தாங்காமல் இருப்பது எல்லாம் தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, தைராய்டு போன்ற வேறு இடங்களைக் காட்டும். ஹீமோகுளோபின் 11.6 என்று வந்ததும் எல்லாக் களைப்புக்கும் அதுவே காரணம் என்று முடிவுகட்டி, தைராய்டைப் பார்க்காமலே விட்டவர்கள் உண்டு. உங்களுக்கு 8.4, ஆகவே படியில் வரும் மூச்சிரைப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. எண் 12-ஐத் தாண்டி, ஃபெரிட்டினும் 50-க்குப் பக்கம் வந்து, படி ஏறுவதெல்லாம் சுலபமான பிறகும் காலையில் எழுந்திருக்க முடியாத அசதி அப்படியே இருந்தால், அப்போது தைராய்டைப் பார்க்கும் டி.எஸ்.எச் பரிசோதனைக்கும் தூக்கத்தைப் பற்றிய கேள்விகளுக்கும் மருத்துவரிடம் போங்கள். இரும்பு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம்.